வெள்ளிமலையில் ஒரு கோணல் மாடம்

ஆசாரியின் சட்டைப்பையில் இருந்த துண்டுச்சீட்டில் இரண்டே எண்கள்தான் எழுதியிருந்தன: மேலே 892, கீழே 914. இரண்டும் மில்லிமீட்டர். வெள்ளிமலையில் ஒரு வீட்டுச் சுவரில் இருக்கும் பெரிய மாடத்துக்குப் பலகை போட வேண்டும் என்று அந்த வீட்டு மகன் டேப் பிடித்து அளந்து கொடுத்த அகலம் அது. இரண்டுக்கும் நடுவே 22 மி.மீ. வித்தியாசம். அங்குலத்துக்கு எட்டு நூல் என்ற தச்சுக் கணக்கில் ஏழு நூல்.

"நடுவுல 903-ன்னு வெச்சு வெட்டிட்டுப் போயிட முடியாதாண்ணே?" என்று கேட்டேன்.

"903-ங்கிற அகலம் அந்தச் சுவத்துல எங்கயாவது இருக்குதான்னு மொதல்ல பாக்கணுமே" என்றார். அதைப் பார்க்கத்தான் அவரோடு கள்ளக்குறிச்சியிலிருந்து கிளம்பினேன்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவர் அந்தச் சிற்பிகளில் ஒருவர் அல்ல. கதவு, நிலை, சன்னல், அலமாரி செய்கிறவர். சிற்பி தன் மரத்துக்குள் வேண்டிய உருவத்தைத் தானே முடிவு செய்துகொள்வார், எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, சுவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும் என்று வண்டி ஓட்டிக்கொண்டே சொன்னார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து, வளைவுகளில் ஏறிக் கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தாலும் காற்று குளிர்ந்துதான் வீசியது.

ஊரில் இப்போது காங்கிரீட் வீடுகள்தான் எங்கும் கண்ணில் படுகின்றன. நாங்கள் போன வீடு பழைய மண்சுவர் வீடு, மேலே ஓடு. கூடத்தின் சுவர் அடியில் ஒன்றரை அடிக்கு மேல் கனம். உயரே போகப் போகக் கொஞ்சம் மெலிகிறது. அந்தச் சுவரின் உள்பக்கம் குடைந்துவிட்டதுபோல் ஒரு மாடம், ஆள் மார்பு உயரத்துக்கு. முன்பு அதில் நெல்லும் சாமையும் குதிர்ப்பானைகளில் அடுக்கியிருந்தார்களாம். பானைகள் போய்விட்டன. பாத்திரங்களும் பேரப்பிள்ளையின் புத்தகங்களும் வைக்க மூன்று தட்டு வேண்டும் என்பது வீட்டுக்கார அம்மாவின் கணக்கு. பலகையும் தயார். காற்றில் விழுந்த சொந்தப் பலாமரத்தைக் கீழே கொண்டுபோய் அறுத்து, பரணில் போட்டுக் காய வைத்திருந்தார்கள். அதில் ஒவ்வொரு பலகையும் ஓர் அங்குலக் கனம். இப்படிப் பலகை எண்ணி மூன்றுதான் இருக்கும்போது ஒன்றை வெட்டிக் கெடுத்தால் மாற்று கிடையாது.

ஆசாரி டேப்பை உடனே வெளியே எடுக்கவில்லை. முதலில் விரல் முட்டியால் மாடத்தின் இரண்டு பக்கச் சுவரையும் தட்டிக்கொண்டே வந்தார். திடமான இடத்தில் சத்தம் அமுங்கி வந்தது. பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருந்த ஓரிரு இடத்தில் பானையைத் தட்டினாற்போல் கேட்டது. அங்கே சாக்குக்கட்டியால் வட்டம் போட்டார். பிறகு மாடத்தின் தலைக்கு மேல் குறுக்கே போட்டிருந்த மரத்தைக் கீழிருந்து பார்த்தார். அந்தக் குறுக்குமரம்தான் மேலே உள்ள சுவரின் பாரத்தைத் தாங்குகிறது. நேரான ரீப்பர் ஒன்றை அதன் அடியில் ஒட்டிப் பிடித்தார். நடுவில் இடைவெளி விழவில்லை, முனைகளிலும் விழவில்லை. மரம் தொய்யவில்லை என்று பொருள். மாடத்தின் மேல் மூலைகளிலிருந்து சாய்வாக மேலேறும் விரிசல் எதுவும் இல்லை.

"மூலையிலேர்ந்து விரிசல் ஓடியிருந்தா நான் பலகை போட மாட்டேங்கம்மா. செவுரு இன்னும் எறங்கிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். இன்னிக்கு ஒட்டி வெட்டுற பலகை அடுத்த மழைக்குள்ள இறுகி, பூச்சைப் பேத்துடும்."

சுவர் இன்னும் நகர்கிறதா என்பதுதான் கோணல் சுவரை அளப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி. நின்றுவிட்ட கோணல் வேறு, இன்னும் நகர்ந்துகொண்டிருக்கும் கோணல் வேறு. முன்னதற்கு அளவு எடுக்கலாம். பின்னதற்குக் கொத்தனாரைத்தான் கூப்பிட வேண்டும்.

அடுத்து அவர் எடுத்தது தூக்குக் குண்டு. குறுக்குமரத்தின் நடுவில் ஒரு சிறிய ஆணி அடித்து, அதிலிருந்து நூலைத் தொங்கவிட்டார். வாசல் வழியாக வந்த காற்றில் குண்டு ஆடிக்கொண்டே இருந்தது. அம்மாவிடம் ஒரு டம்ளரில் தண்ணீர் வாங்கி, குண்டை அதற்குள் இறக்கினார். ஆட்டம் அடங்கிவிட்டது.

இப்போது மாடத்தின் நடுவே ஐயமில்லாத ஒரு செங்குத்துக் கோடு நிற்கிறது. சுவர்கள் எப்படியும் சாயட்டும், இந்தக் கோடு சாயாது. இதிலிருந்து இடப்பக்கம் எவ்வளவு, வலப்பக்கம் எவ்வளவு என்று தனித்தனியாக அளப்பதுதான் முறை. மொத்த அகலத்தை மட்டும் அளந்தால் கிடைப்பது வித்தியாசம் எவ்வளவு என்ற செய்தி. அந்த வித்தியாசம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை மொத்த அகலம் சொல்லாது. இரண்டு சுவரும் ஆளுக்குப் பாதியாகச் சாய்ந்திருந்தாலும் 22 மி.மீ.தான், ஒரு சுவர் மட்டும் முழுக்கச் சாய்ந்திருந்தாலும் அதே 22 மி.மீ.தான். பலகையின் முனையைச் சுவரின் சாய்வுக்கு ஏற்ப இழைக்க வேண்டியவருக்கு இந்த இரண்டும் ஒன்றல்ல.

உயரங்களைக் குறிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. மாடத்தின் தரையிலிருந்து அளந்து மேலே போகக் கூடாது, ஏனென்றால் தரையே மட்டமாக இல்லை. ரீப்பரின் மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்ததில் இடது மூலை 6 மி.மீ. தாழ்ந்திருந்தது. அந்த ரசமட்டத்தையும் அவர் அப்படியே நம்பிவிடவில்லை. ஒருமுறை வைத்துக் குமிழ் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு, முன்பின்னாகத் திருப்பி அதே இடத்தில் வைத்தார். குமிழ் அதே கோட்டுக்குள் நின்றது. திருப்பியதும் குமிழ் வேறு பக்கம் ஓடினால் கோளாறு ரசமட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பிறகு உயர்ந்திருக்கும் வலது மூலையைத் தொடக்கமாக வைத்து, 350, 700, 1050 மி.மீ. உயரங்களில் மட்டம் பிடித்து மூன்று பக்கச் சுவரிலும் கோடு போட்டார். மூன்று தட்டும் உட்காரப் போவது இந்தக் கோடுகளில்தான். மாடத்தின் மொத்த உயரம் 1400.

ஒவ்வொரு கோட்டிலும், கூடவே அடியிலும் தலையிலும், நூலிலிருந்து இடமும் வலமும் அளந்து அவர் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். வலது சுவர் சாது. அடியில் 446, தலையில் 442, நடுவிலும் இதற்குள்தான். ஒரு நூலுக்குச் சற்றுக் கூடுதலான சாய்வு, அவ்வளவே. வம்பு முழுக்க இடது சுவரில். அடியில் 468-இல் தொடங்கி, முதல் தட்டின் உயரத்தில் 455, நடுத்தட்டில் 439 என்று குறைந்து, பிறகு திரும்பி 445, தலையில் 450 என்று விலகுகிறது.

கூட்டிப் பார்த்தால் அடியில் 914, தலையில் 892. பையன் அளந்தது ஒரு மில்லிமீட்டர்கூடத் தப்பில்லை. ஆனால் மாடத்திலேயே குறுகிய இடம் தலை அல்ல, நடு. அங்கே 439-உம் 445-உம் சேர்ந்து 884தான். இடது சுவர் நடுவில் வயிறு தள்ளி நிற்கிறது. மேலும் கீழும் மட்டும் அளந்து நடுவைச் சராசரியாக 903 என்று வெட்டியிருந்தால் பலகை 19 மி.மீ. நீளமாகப் போயிருக்கும். மூன்று தட்டில் எதற்குமே 903 பொருந்தாது. கீழ்த்தட்டுக்கு அகலம் 901, நடுத்தட்டுக்கு 884, மேல்தட்டுக்கு 888.

இதில் எனக்கு ஒன்று உறைத்தது. சீட்டில் இருந்த இரண்டு அளவும் பலகையே உட்காராத இரண்டு இடங்களின் அளவு. அடி என்பது மாடத்தின் தரை, தலை என்பது குறுக்குமரத்தின் அடி. கையெட்டும் எல்லை இரண்டையும் அளந்துவிட்டு நடுவை ஊகிப்பது நம் பழக்கம். தட்டுகளோ நடுவில்தான் வருகின்றன.

அந்த வயிறு ஏன் வந்தது என்று ஆசாரியைக் கேட்டேன். அவர் சுவரைத் தடவிக் காட்டினார். மண்சுவரை ஒரே மூச்சில் எழுப்ப மாட்டார்கள். குழைத்த மண்ணை முழங்கால் உயரத்துக்கு வைத்து, அது காய்ந்து இறுகிய பிறகு அடுத்த அடுக்கை வைப்பார்கள். கீழ் அடுக்கு முழுதாகக் காயும் முன்னால் மேலே பாரம் ஏற்றினால், ஈரமான மண் பக்கவாட்டில் பிதுங்கும். மற்ற இடங்களில் பிதுங்கியதை மண்வெட்டியால் சீவி நேராக்கிவிடலாம். மாடத்தின் உள்பக்கத்தில் கருவி நுழைவது கடினம், அதனால் அப்படியே பூசி விட்டிருக்கிறார்கள். அடிப்பகுதி விரிந்திருப்பதற்குக் காரணம் வேறு. வருஷா வருஷம் சாணமும் மண்ணும் போட்டுத் தரை மெழுகும்போது அந்தக் கீழ்மூலை தேய்ந்து உள்வாங்கிவிட்டது என்று அம்மாவே சொன்னார்.

பூச்சை ஏற்றிச் சுவரை நேராக்கிவிட்டால் என்ன என்று மகன் கேட்டார். நியாயமான கேள்விதான். அடியில் 29 மி.மீ. வரைக்கும் கனம் ஏற்ற வேண்டியிருக்கும். காய்ந்த மண்சுவரின் மேல் அவ்வளவு கனத்தை ஒரே பூச்சாக ஏற்றினால் அது சுருங்கி வெடித்துத் தட்டுத்தட்டாகப் பெயரும். சிமென்ட் கலவை போட்டால் இன்னும் மோசம். மண் ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். சிமென்ட் அந்த ஈரத்தை அடைத்துக்கொள்ளும், கடைசியில் பாளமாகப் பிரிந்து விழும். வயிற்றைச் செதுக்கிக் குறைக்கலாம். ஆனால் மூன்று பலகைக்காகப் பாரம் தாங்கும் சுவரைச் செதுக்குவது எனக்குச் சரியென்று படவில்லை. ஆசாரியும் அதை ஒப்பவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. நகரத்து அலமாரிக்காரர்கள் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள். குறுகிய இடத்தின் அளவிலிருந்து சிறிது கழித்து, செங்குத்தான பக்கப்பலகை வைத்து ஒரு பெட்டியாகச் செய்து மாடத்துக்குள் தள்ளிவிடுவது. தட்டுகள் எல்லாம் ஒரே நீளம், வேலை சுலபம். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே தெரியும் சந்தை முகப்பில் ஒரு பட்டை அடித்து மூடிவிடலாம். அந்தப் பட்டையின் ஒரு விளிம்பை மட்டும் சுவரின் வளைவுக்கு இழைத்தால் போதும். கதவு வைத்த அலமாரி என்றால் இதைவிட்டால் வழியே இல்லை, கோணலான சுவரில் கதவு நேராகத் தொங்காது. இங்கே கதவு கிடையாது. மலைவீட்டில் சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஓர் அங்குலச் சந்தை மூடி வைத்தால் தேளும் எலியும்தான் குடிவரும். கரையான் ஏறினாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு தட்டையும் அதனதன் இடத்துச் சுவருக்கு வெட்டுவது என்று முடிவானது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நான் பார்க்க வந்த வேலை. இங்கேயும் டேப்புக்கு இடம் குறைவு. இரண்டு சுவருக்கு நடுவே டேப் வைத்து அளக்கும்போது ஒரு முனை சுவரில் முட்டி, மறுமுனை மூலையில் வளைந்து நிற்கும். வளைந்த இடத்தில் எண்ணைப் படிப்பது பாதி ஊகம்தான். இரண்டு மூன்று மி.மீ. அங்கேயே தொலைந்துபோகும். அதற்குப் பதிலாக ஆசாரி இரண்டு ஒல்லியான ரீப்பர் குச்சிகளை எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு முனை கூராகச் சீவியிருந்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து, கோட்டின் மேல் வைத்து, கூர்முனைகள் இரண்டு சுவரையும் தொடும்வரை விரித்தார். தொட்டதும் இரண்டுக்கும் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு. வெளியே எடுத்து அந்தக் கோட்டைப் பொருத்தினால் சுவருக்குச் சுவர் உள்ள நீளம் அப்படியே கையில் இருக்கிறது. எண்ணே தேவையில்லை. வேண்டுமென்றால் அதைத் தரையில் வைத்து நிதானமாக டேப்பால் அளந்துகொள்ளலாம்.

இதை ஒவ்வொரு உயரத்திலும் இரண்டு தடவை செய்தார். மாடத்தின் முன்விளிம்பில் ஒருமுறை, பின்சுவரை ஒட்டி ஒருமுறை. நடுத்தட்டில் முன்னால் 884, பின்னால் 872. உள்ளே போகப் போகக் குறுகுகிறது. இது நல்லது. முன்னாலிருந்து தள்ளினால் பலகை ஆப்புபோல் இறங்கி உட்காரும். கீழ்த்தட்டும் அப்படியே. மேல்தட்டில்தான் தலைகீழ்: முன்னால் 888, பின்னால் 896. உள்ளே அகலம், வாய் குறுகல். பின்சுவரின் அகலத்துக்கு வெட்டினால் பலகை வாசலிலேயே நின்றுவிடும். ஒரு முனையைத் தூக்கிச் சாய்த்து உள்ளே கொண்டுபோய்ப் பிறகு படுக்க வைக்கலாம், ஆனால் சாய்க்கும்போது முனைகள் பூச்சைச் சுரண்டும். முன்விளிம்பின் அகலத்துக்கே வெட்டிவிட்டு, பின்மூலைகளில் பக்கத்துக்கு நாலு மி.மீ. சந்து விழட்டும் என்று விட்டுவிட்டார். அந்த இடம் பாத்திரத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. நானாக இருந்தாலும் அப்படித்தான் விட்டிருப்பேன்.

முன் அகலம், பின் அகலம் இரண்டும் தெரிந்தாலும் பலகையின் வடிவம் தெரிந்துவிடாது. முனை நேர்கோடு அல்ல, சுவரின் மேடுபள்ளத்தோடு போக வேண்டும். அதற்கு அச்சு எடுக்க வேண்டும். மளிகைக்கடைப் பெட்டியின் கெட்டி அட்டையில் இரண்டு துண்டுகளை ஆசாரி கிழித்துக்கொண்டார், ஒன்று இடது சுவருக்கு, ஒன்று வலதுக்கு. நடுத்தட்டின் உயரத்தில் தற்காலிகமாக இரண்டு கட்டையை நிறுத்தி, அதன்மேல் இடது அட்டையை மட்டமாகப் படுக்கவைத்து, சுவரில் முட்டும்வரை தள்ளினார். வயிறு தள்ளிய இடத்தில் அட்டை முட்டியது. முன்னும் பின்னும் சந்து விழுந்தது, அகலமான இடத்தில் 7 மி.மீ. இருக்கும். கவராயத்தை அந்த 7 மி.மீ.க்கே விரித்து வைத்துக்கொண்டு, ஊசிக்கால் சுவரைத் தொட, பென்சில்கால் அட்டையில் ஓட, பின்னாலிருந்து முன்னால்வரை இழுத்தார். கவராயத்தைத் திருகாமல், எப்போதும் ஒரே திசையில் சுவரை நோக்கிப் பிடித்தபடி இழுப்பதுதான் இதில் சூட்சுமம். கை திரும்பினால் விரிப்பு மாறிவிடும், வளைவு பொய்யாகிவிடும். கோட்டில் அட்டையைக் கத்தரித்து மறுபடி தள்ளியதும் அது சுவரோடு ஒட்டி நின்றது. சுவரின் வளைவு அட்டைக்கு இறங்கிவிட்டது.

வலது அட்டைக்கும் இதே வேலை. பிறகு இரண்டையும் அதனதன் சுவரில் முட்டவைத்து, நடுவில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடத்தில் ஒட்டுநாடா போட்டு இறுக்கிவிட்டார். வெளியே எடுத்தபோது அந்த அட்டைதான் நடுத்தட்டின் முழு அச்சு. அகலம், கோணம், வளைவு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. உடனே அதன்மேல் 'மேல்பக்கம்', 'முன்', 'நடுத்தட்டு' என்று எழுதினார். எழுதாமல் விட்டால் பலகையில் வைக்கும்போது அட்டை புரண்டுவிடும், இடதும் வலதும் மாறிவிடும், வெட்டிய பிறகுதான் தெரியும். எழுதிய பிறகு குச்சிகளில் எடுத்த நீளத்தை அட்டையோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒத்துப்போயின. ஒத்துப்போகவில்லை என்றால் ஒட்டுநாடா போடும்போது அட்டை நகர்ந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு அதை மட்டும் மறுபடி செய்ய வேண்டும்.

ஆழத்தை முடிவு செய்ய மறுபடி தூக்குக் குண்டு வந்தது. இந்தமுறை சுவரின் முகப்புக்கு வெளியே. மேலே மெலிந்து கீழே பருத்த சுவர் அல்லவா? மாடத்தின் தலைக்கும் அடிக்கும் நடுவே முகப்பு 24 மி.மீ. வெளியே வந்திருந்தது. பின்சுவர் ஏறக்குறைய நேர். ஆகவே மாடத்தின் ஆழம் தலையில் 291, அடியில் 315. முகப்போடு ஒட்டிப் போவதென்றால் மூன்று தட்டும் மூன்று அகலம். அவர் மூன்றையும் 280 ஆக வைத்துக்கொண்டார். முன்விளிம்புகள் மூன்றும் ஒரே செங்குத்தில் நிற்கும், கீழே போகப் போக முகப்பிலிருந்து கொஞ்சம் உள்ளடங்கித் தெரியும். பின்சுவருக்கும் பலகைக்கும் நடுவே 5 மி.மீ. விட்டார். மழைக்காலத்தில் மரம் உப்புவது நார் ஓடும் திசையில் அல்ல, அதற்குக் குறுக்கே. அதாவது பலகை நீளத்தில் வளராது, அகலத்தில்தான் வளரும். அந்த வளர்ச்சிக்கு இந்த இடம் போதும். கரையான் ஏறினால் டார்ச் அடித்துப் பார்க்கவும் உதவும்.

பக்கவாட்டில் விடும் இடம் வேறு காரணத்துக்காக. அச்சை அப்படியே பலகையில் வரைந்து, மொத்தத்தில் ஒரு நூல் குறைத்தார். 884 என்பது 881 ஆனது. கோட்டில் ரம்பத்தை விடாமல், கோட்டுக்கு வெளியே இரண்டு மி.மீ. விட்டு அறுத்து, மீதியை இழைப்புளியாலும் அரத்தாலும் கோடுவரை கொண்டுவந்தார். முனையை இழைக்கும்போது அடிவிளிம்பைச் சற்று உள்வாங்கலாக இழைத்தார். சுவரைத் தொடுவது மேல்விளிம்பு மட்டும்தான், பார்ப்பவர் கண்ணில் படுவதும் அதுதான். அடியில் ஏதாவது மேடு இடித்தால் பலகை நிற்காமல் போய்விடும் என்பதற்காக இந்த உள்வாங்கல்.

மண்சுவரில் திருகாணி நிற்காது. தாங்குகட்டைகள் வரும் இடங்களில், வட்டம் போட்ட இடங்களைத் தவிர்த்து, நாலு அங்குல ஆழத்துக்குத் துளையிட்டு, நன்கு காய்ந்த கெட்டியான மரத்தில் சீவிய முளைகளை அடித்து இறக்கினார். பச்சை மரத்தில் முளை செய்தால் அது காய்ந்து சுருங்கித் துளைக்குள் ஆடும். அந்த முளைகளில்தான் திருகாணி ஏறியது. இரண்டு பக்கச் சுவரிலும் பின்சுவரிலும் தாங்குகட்டை வைத்தார். பக்கங்களில் மட்டும் தாங்கினால், ஏறக்குறைய மூன்றடி நீளப் பலகை புத்தகப் பாரத்தில் நடுவே தொய்யும்.

கடைசியில் பலகைகளை ஏற்றும்போதுதான் அந்த வயிறு இன்னொரு முறை வழி மறித்தது. கீழ்த்தட்டின் நீளம் 898. மகன் அதை மேலிருந்து சாய்த்து இறக்கப் பார்த்தார். நடுவில் அகலம் 884தானே, பலகை வயிற்றில் சிக்கிக்கொண்டது. ஆசாரி அதை வெளியே வாங்கி, தாங்குகட்டையின் மட்டத்திலேயே படுக்கையாகப் பிடித்து, முன்னாலிருந்து நேராக உள்ளே தள்ளினார். உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டியதும் உட்கார்ந்துவிட்டது. நடுத்தட்டு இடது முன்மூலையில் சற்று இறுகியது. இறுகிய இடம் எது என்று தெரிய, சுவர் ஓரத்தில் சாக்குக்கட்டியைத் தேய்த்துவிட்டுப் பலகையைத் தள்ளி எடுத்தார். பலகை முனையில் வெள்ளை ஒட்டிய இடத்தில் மட்டும் அரம் போட்டார். மேல்தட்டு எந்தத் தகராறும் செய்யவில்லை.

மூன்றும் உட்கார்ந்த பிறகு ரசமட்டம் வைத்தால் குமிழ் நடுவில். முன்விளிம்பில் இடது சுவரின் ஓரத்தில் சந்து ஒரு ரூபாய்க் காசு நுழையும் அளவுதான். வாசலில் நின்று பார்த்தால் சுவர் கோணல் என்பதே தெரியவில்லை என்று அம்மா சொன்னார். எனக்குத் தெரிந்தது. கீழ்த்தட்டு நடுத்தட்டைவிட நீளமாக இருப்பது, ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்க்கும்போது கண்ணுக்குப் படத்தான் செய்கிறது. மண்சுவர் வீட்டில் அது குறையாகத் தோன்றவில்லை.

லேசர் அளவுக்கருவி இருந்தால் இவ்வளவு மெனக்கெட வேண்டாமே என்று கேட்கக்கூடும். சுவரில் செங்குத்துக் கோடும் மட்டக்கோடும் காட்டும் லேசர் உண்மையிலேயே உதவும், தூக்குக் குண்டும் தண்ணீர் டம்ளரும் தேவைப்படாது. தூரம் காட்டும் லேசர் அப்படியல்ல. அது சுவரின் ஒரு புள்ளியைத்தான் தொடுகிறது. மேடுபள்ளமான சுவரில் அரை விரல் தள்ளிப் பிடித்தால் எண் மாறிவிடும். வளைவை அதனால் சொல்லவே முடியாது. அட்டையின் வேலையை அது செய்யாது.

செங்கல்லும் காங்கிரீட்டும் உள்ள வீட்டில் இருப்பவர்கள் இதை மண்வீட்டுப் பிரச்சினை என்று ஒதுக்க வேண்டியதில்லை. பூச்சு ஒரு பக்கம் கனமாகவும் ஒரு பக்கம் மெலிதாகவும் விழுந்தாலே மேலுக்கும் கீழுக்கும் மூன்று நாலு நூல் மாறிவிடும். உங்கள் வீட்டு மாடத்துக்குப் பலகை வெட்டச் சொல்லி அளவு அனுப்பப் போகிறீர்கள் என்றால், மேல் அகலத்தையும் கீழ் அகலத்தையும் எழுதி அனுப்பாதீர்கள். நடுவில் நூல் தொங்கவிட்டு, ஒவ்வொரு தட்டும் வரும் உயரத்தில் இடம் எவ்வளவு, வலம் எவ்வளவு என்று முன்னும் பின்னும் அளந்து எழுதுங்கள். முடிந்தால் அட்டையை வெட்டி, எது மேல்பக்கம், எது முன் என்று குறித்து, அந்த அட்டையையே ஆசாரியிடம் கொடுத்தனுப்புங்கள்.